நிழலின் மேல் நிழல்: போட்டோவில் எடுத்த கோட்டுக்கு நிறம் தீட்டியபோது

அக்கா மகள் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ஒரு வெள்ளைப் பூனை. இடப்பக்க ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் அவள் முகத்தில் பாதியில் விழுகிறது. போனில் எடுத்த படம்தான், 3000க்கு 4000 பிக்சல். இதைக் கோட்டோவியமாக்கி, நிறம் கொடுத்து, அவள் பிறந்தநாளுக்குத் தரலாம் என்று ஆரம்பித்தேன். இரண்டு நாள் இரவு உட்கார்ந்து முடித்துப் பார்த்தால், அவள் தாடைக்குக் கீழே கரி பூசியது மாதிரி ஒரு கறுப்புத் திட்டு. சட்டை மங்கிக் கிடந்தது, பூனை சாம்பல் நிறத்தில் அழுக்காக இருந்தது. நிழல் லேயரின் அடர்த்தியைக் குறைத்துப் பார்த்தேன், படம் வெளிறியதே தவிர அழுக்கு போகவில்லை.

காரணம் பிடிபட ஒரு வாரம் ஆனது. ஒரே நிழலை நான் மூன்று தடவை போட்டிருந்தேன். போட்டோவிலிருந்து எடுத்த கோட்டில் நிழலின் ஓரம் ஏற்கெனவே கோடாக வந்திருந்தது. நிறத்தையும் போட்டோவிலிருந்தே உறிஞ்சி எடுத்திருந்ததால் அதிலும் நிழல் கலந்திருந்தது. அதற்கு மேல் நிழலுக்கென்று தனி லேயர் வேறு. வெறும் தாளில் கையால் கோடு போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை வராது. அவர்கள் கோட்டில் உருவம் மட்டும்தான் இருக்கும். நம் கோடு போட்டோவிலிருந்து வருகிறது, கூடவே வெளிச்சத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அதைப் பிரித்தெடுப்பதுதான் இந்த வேலையில் பாதி.

மறுபடி முதலிலிருந்து செய்ததை எழுதுகிறேன். நான் பயன்படுத்துவது கிம்ப். வேறு மென்பொருள் என்றால் மெனுப் பெயர்கள் மாறும், கணக்கு மாறாது.

முதலில் கோடு எடுப்பது. படத்தை Desaturate செய்து கறுப்பு வெள்ளையாக்கி, அந்த லேயரை இன்னொரு பிரதி எடுத்து, மேலே இருக்கும் பிரதியை Colors > Invert கொடுத்துத் தலைகீழாக்க வேண்டும். அதன் மோடை Dodge என்று மாற்றினால் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். பயப்பட வேண்டாம். இப்போது அதே மேல் லேயருக்கு Gaussian Blur கொடுத்தால், வெள்ளைக்குள்ளிருந்து பென்சில் ஓவியம் போலக் கோடுகள் மேலே வரும். பலருக்குத் தெரிந்த வித்தைதான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் எங்கே காலை வாரும் என்பதும் தெரியும். Dodge செய்வது ஒரு வகுத்தல் கணக்கு:

```
கோடு = அசல் பிக்சல் ÷ அக்கம்பக்கத்தின் சராசரி
```

ஒரு பிக்சலின் வெளிச்ச அளவு 90, அதைச் சுற்றியுள்ளவற்றின் சராசரி 150 என்றால் விடை 0.6. அது சாம்பல் கோடாகத் தெரியும். பிக்சல் 200 ஆக இருந்தால் விடை ஒன்றைத் தாண்டிவிடும். ஒன்றுக்கு மேல் போவதெல்லாம் வெள்ளைதான். அதாவது, அக்கம்பக்கத்தை விட இருட்டாக இருப்பது மட்டுமே கோடாக வரும். அது கண் இமையா, சட்டை மடிப்பா, மூக்கு கன்னத்தில் போட்ட நிழலா என்று இந்தக் கணக்குக்குத் தெரியாது.

அக்கம்பக்கம் என்பது எவ்வளவு தூரம் என்பதை Blur அளவு முடிவு செய்கிறது. முதல் தடவை நான் 40 வைத்தேன், கோடு நல்ல தடிப்பாக வரட்டும் என்று. தடிப்பாக வந்தது, கூடவே கன்னத்தின் பாதி நிழலும் சாம்பல் படலமாக வந்து ஒட்டிக்கொண்டது. அளவு பெரிதாகப் பெரிதாக, மெல்ல மெல்ல போட்டோவே திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை 7 வைத்தேன். கோடு மெலிசுதான், ஆனால் சுத்தம். தடிப்பு வேண்டுமானால் அப்புறம் ப்ரஷ்ஷால் ஏற்றிக்கொள்ளலாம், ஒட்டிய சாம்பலைக் கழற்றுவதுதான் கஷ்டம். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படமாக இருந்தால், இதற்கெல்லாம் முன்பு லேசாக Noise Reduction கொடுத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் சுவரெல்லாம் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும்.

அடுத்தது, தெரிவதை New from Visible மூலம் ஒரே லேயராக்கி, Levels திறந்து இருண்ட முனையை 90க்கும் வெளிச்ச முனையை 215க்கும் இழுத்தேன். மங்கலான சாம்பல் எல்லாம் வெள்ளையாகி, கோடு கறுத்து நின்றது. இந்த 90, 215 என் படத்துக்கு ஒத்துவந்த எண்கள், உங்கள் படத்துக்கு மாறும். பார்க்க வேண்டிய இடம் முகத்தின் ஓரம். அங்கே கோடு அறுந்து போகத் தொடங்கும் புள்ளிக்குக் கொஞ்சம் முன்பு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இனிமேல்தான் முதல் தடவை நான் தாண்டிப்போன வேலை. போட்டோவைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோட்டையும் பார்த்து ஒரே கேள்வி கேட்டேன்: ஜன்னலை மூடிவிட்டு வேறு பக்கத்திலிருந்து விளக்குப் போட்டால் இந்தக் கோடு அங்கேயே இருக்குமா? கண்ணின் ஓரம் இருக்கும். காலரின் விளிம்பு இருக்கும். மூக்கிலிருந்து கன்னத்துக்கு ஓடும் அந்த வளைவு இருக்காது, அது நிழலின் ஓரம். கழுத்தில் தாடை போட்ட நிழலின் ஓரமும் அப்படித்தான், நாற்காலிக் கை சட்டையில் போட்ட நேர்க்கோடும் அப்படித்தான். இருக்காத கோடுகளை எல்லாம் வெள்ளை ப்ரஷ்ஷால் அழித்தேன். சட்டை மடிப்புகள்தான் குழப்பின. ஆழமான மடிப்புகள் மூன்றை வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிட்டேன். அவை நிழல் லேயரில் வரட்டும்.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. வெயில் விழுந்த கன்னமும் பின்னால் இருந்த வெளிர்ச் சுவரும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருந்ததால், இடது தாடை ஓரத்தில் கோடே வரவில்லை. வகுத்தால் ஒன்றுதானே வரும்! அங்கே போட்டோ லேயரை 40 சதவீதத்தில் தெரியவைத்து, 5 பிக்சல் ப்ரஷ்ஷால் கையால் வரைந்தேன். கண், மூக்கு, வாய் மூன்றையும் இதே மாதிரி ஒரு தடவை மேலே ஓட்டிவிடுவது என் பழக்கம். கணக்குப் போட்டு வரும் கோட்டில் உயிர் கம்மி.

சரி, கோடு ஆயிற்று. அடியில் நிறம் தெரிய வேண்டுமென்றால் வெள்ளை போக வேண்டும். கோட்டு லேயரை Multiply மோடில் வைத்தாலே வெள்ளை மறைந்துவிடும், பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் Color to Alpha கொடுத்து வெள்ளையை நிஜமாகவே நீக்கிவிடுவேன். கோட்டுக்கே பின்னால் நிறம் கொடுக்க அது தேவைப்படும். நீக்கியதும் ஒரு சோதனை செய்ய வேண்டும். அடியில் பளீர் என்று ரோஜா நிறம் நிரப்பிய ஒரு லேயரை வையுங்கள். வெள்ளைத் தாளில் கண்ணுக்கே தெரியாத சாம்பல் அழுக்கு, ரோஜாவின் மேல் தூசி படிந்த கண்ணாடி மாதிரி தெரியும். என் படத்தில் பூனையின் வயிறு முழுக்க அப்படி ஒரு படலம் இருந்தது. முதல் தடவை பூனை அழுக்காகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான், நானோ நிறத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழிப்பானால் துடைத்ததும் பூனை வெளுத்தது.

அப்புறம் தட்டை நிறங்கள். சட்டைக்கு ஒரு லேயர், தோலுக்கு ஒன்று, கூந்தலுக்கு ஒன்று, பூனைக்கு ஒன்று, நாற்காலிக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று என்று ஆறு லேயர்கள். தூரத்தில் இருப்பது கீழே, பக்கத்தில் இருப்பது மேலே. இப்படி அடுக்கினால் ஒரு வசதி. நாற்காலியை வரையும்போது சட்டை மறைக்கும் இடத்தில் ஓரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், தாராளமாக உள்ளே வரை நிரப்பலாம். மேலே வரும் லேயர் அதை மூடிக்கொள்ளும். நெற்றியையும் அப்படித்தான், கூந்தலுக்கு அடியில் ஒரு விரல் அளவு தள்ளியே நிரப்பினேன்.

நிரப்ப முதலில் தோன்றுவது பக்கெட். கையால் போட்ட மூடிய கோட்டுக்கு அது சரி. போட்டோக் கோடு நூறு இடத்தில் அறுந்திருக்கும், ஒரு சொட்டு விட்டால் சட்டை நிறம் சுவர் வரை ஓடிவிடும். கிம்ப்பில் 2.10.10 பதிப்பிலிருந்து பக்கெட்டுக்கு Fill by line art detection என்று ஒரு வழி இருக்கிறது, சின்ன இடைவெளிகளைத் தானாகவே மூடியதாக எடுத்துக்கொள்ளும். எவ்வளவு பெரிய இடைவெளி வரை என்பதை Maximum gap length சொல்லும். நாற்காலிச் சட்டங்களுக்கு அது நன்றாக உதவியது. முகம், சட்டை, கூந்தல் போன்ற பெரிய பகுதிகளில் அதோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, Free Select கருவியால் கோட்டின் நடுவிலேயே சுற்றி வளைத்து நிரப்பிவிட்டேன். பத்து நிமிட வேலை. கோட்டின் நடுவில் என்பதைக் கவனியுங்கள். நிறம் கோட்டின் உள் ஓரத்தோடு நின்றுவிட்டால், கோட்டுக்கும் நிறத்துக்கும் நடுவே மெல்லிய வெள்ளை நூல் ஒன்று தெரியும். ஏற்கெனவே அப்படி ஆகிவிட்டதா? பகுதியைத் தேர்ந்தெடுத்து Select > Grow 2 பிக்சல் கொடுத்து மறுபடி நிரப்பினால் போய்விடும்.

தேர்வு செய்யும்போது Antialiasing, Feather edges இரண்டையும் அணைத்து வைத்திருப்பேன். ஓரம் படிக்கட்டு மாதிரி இருக்கும், இருக்கட்டும், மேலே கோடு வந்து மூடிக்கொள்ளும். ஓரம் வழவழப்பாக இருந்தால் அங்கே பாதி நிறமுள்ள பிக்சல்கள் ஒரு வரிசை நிற்கும். பின்னால் நிறத்தை மாற்றும்போது அந்த வரிசை மட்டும் பழைய நிறத்திலேயே தங்கிவிடும். திருத்தம் செய்யவும் ப்ரஷ் வேண்டாம், Pencil கருவிதான்.

எல்லாம் நிரப்பியதும் கோட்டு லேயரை மறைத்துப் பாருங்கள். கோடே இல்லாமல், கத்தரித்து ஒட்டிய வண்ணத்தாள் போல உருவம் புரிய வேண்டும். அடியில் அந்த ரோஜா லேயர் இன்னும் இருந்தால், விட்டுப்போன ஓட்டைகள் ஊசிமுனை ஊசிமுனையாகப் பளிச்சிடும். எனக்குக் காதுமடலுக்குப் பின்னால் ஒன்று, பூனையின் காலிடுக்கில் இரண்டு கிடைத்தன.

எந்த நிறம் என்பதுதான் நான் முன்பு சறுக்கிய இடம். Color Picker எடுத்துப் போட்டோவில் ஒரு பிக்சலைத் தொட்டு, அதையே நிரப்பினேன். தோலுக்குக் கழுத்தில் தொட்டிருந்தேன், அங்கே தாடையின் நிழல். மஞ்சள் சட்டையை மடிப்புப் பக்கம் தொட்டிருந்தேன், களிமண் நிறம் வந்தது. பூனையை நிழல் பக்கத்தில் தொட்டு நீலச் சாம்பலை எடுத்திருந்தேன். தட்டை நிறம் என்பது ஒரு பொருள் நேரான வெளிச்சத்தில், பளபளப்பு இல்லாமல் காட்டும் நிறம். அதனால் இப்போது வெயில் பக்கத்திலேயே, மினுக்கம் இல்லாத இடமாகப் பார்த்துத் தொடுகிறேன். Sample average போட்டு ஒரு சதுரத்தின் சராசரியை எடுக்கிறேன். ஒற்றைப் பிக்சலை நம்பவே கூடாது, அதில் கேமராவின் இரைச்சலும் சேர்ந்திருக்கும்.

இரண்டு நிறங்களை மட்டும் வேண்டுமென்றே போட்டோவை விட்டு விலக்கினேன். வெள்ளைப் பூனைக்கு முழு வெள்ளை கொடுக்கவில்லை, `#e8e4dc` கொடுத்தேன். முழு வெள்ளை கொடுத்துவிட்டால் அதற்கு மேல் வெளிச்சம் காட்ட இடமே மிஞ்சாது. கூந்தலுக்குக் கறுப்புக்குப் பதில் `#3d312e` என்ற அடர் பழுப்பு. நிழல் லேயர் வேலை செய்வது பெருக்கல் கணக்கில். கறுப்பை எதனால் பெருக்கினாலும் கறுப்புதான், கூந்தலில் நிழல் விழுந்ததே தெரியாமல் போகும்.

நிழலுக்கு வருவோம். தட்டை நிறங்களை எல்லாம் ஒரே குழுவில் போட்டு, அதற்கு மேலே, கோட்டுக்குக் கீழே, Multiply மோடில் ஒரு காலி லேயர். இதில் வெள்ளை இருந்தால் அடியில் உள்ள நிறம் அப்படியே நிற்கும், அடர்நிறம் இருந்தால் கீழே உள்ளது அந்த அளவுக்கு இருளும். நிழலுக்குச் சாம்பல் எடுத்தால் எல்லா நிறமும் ஒரே மாதிரி செத்துப்போகிறது. வெயில் மஞ்சளாக இருக்கும்போது, நிழலுக்குள் வருவது வானத்திலிருந்தும் சுவரிலிருந்தும் சிதறி வருகிற குளிர்ந்த வெளிச்சம். அதனால் ஊதா கலந்த `#a79bc4` எடுத்தேன். படம் முழுவதற்கும் அந்த ஒரே நிறம், ப்ரஷ்ஷின் அடர்த்தி நூறு சதவீதம். ஏறுவதும் இறங்குவதும் கடைசியில் லேயரின் Opacity ஒன்றில்தான். ப்ரஷ்ஷைப் பாதி அடர்த்தியில் வைத்துத் தடவினால், கை எடுத்து வைத்த இடமெல்லாம் திட்டாகும்.

நிழலின் வடிவத்தை எங்கிருந்து எடுப்பது? கோட்டிலிருந்து அழித்த நிழலை இங்கே கொண்டுவர வேண்டும், அது போட்டோவிலேயே இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் பிரதி ஒன்றை எடுத்து, Gaussian Blur 12 கொடுத்து, Colors > Threshold திறந்தேன். படம் கறுப்பு, வெள்ளை என்று இரண்டே இரண்டு அளவாக உடையும், கறுத்த பகுதி நிழல். முன்கூட்டியே மங்கலாக்கியதால் ஓரம் பிசிறில்லாமல் பெரிய பெரிய வடிவங்களாக வந்தது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல். அடர் நிறக் கூந்தல், வெயில் பக்கம் இருந்தாலும் மொத்தமாகக் கறுத்துவிடும். வெள்ளைப் பூனை, நிழல் பக்கம் இருந்தாலும் வெளுத்தே நிற்கும். இதற்கும் பொருளின் சொந்த நிறம் எது, நிழல் எது என்று தெரியாது.

வழி, ஒவ்வொரு பகுதிக்கும் தனி அளவு வைப்பது. தோலுக்கு 118 வைத்தபோது மூக்கின் வலப்பக்கமும் கன்னத்தின் வலப்பாதியும் சரியாகப் பிரிந்தன. அந்தக் கறுப்பை Select by Color கருவியால் தொட்டுத் தேர்ந்தெடுத்து, தோல் லேயருக்குப் போய் Layer > Transparency > Intersect with Selection கொடுத்தால், தேர்வு தோலுக்குள் இருக்கிற நிழலாக மட்டும் சுருங்கும். நிழல் லேயருக்கு வந்து ஊதாவை நிரப்பினேன். பிறகு Threshold-ஐ விலக்கிவிட்டுப் பூனைக்கு 170 வைத்து அதே சுற்று, சட்டைக்கு இன்னொரு அளவு. கூந்தலுக்கு எந்த எண்ணும் சரிப்படவில்லை, அதைக் கையால்தான் போட்டேன்.

இப்படி வந்த நிழல் பாதி வேலைதான். எல்லா ஓரமும் கத்தியால் வெட்டியது போல இருக்கும். ஒன்று இன்னொன்றின் மேல் போடும் நிழலுக்கு அது பொருத்தம்: தாடை கழுத்தில் போடுவது, நாற்காலிக் கை சட்டையில் போடுவது. அதிலும்கூட, நிழலைப் போடும் பொருளுக்குப் பக்கத்தில் ஓரம் கூர்மையாக இருந்து, தள்ளிப் போகப் போக மங்கும். உருண்டையான பொருள் தானாகவே வெளிச்சத்தை விட்டுத் திரும்பும் இடத்தில் ஓரம் கூர்மையாக இருக்கவே கூடாது. கன்னம், முழங்கை, பூனையின் முதுகு மூன்று இடத்திலும் Smudge கருவியால் ஓரத்தைக் குறுக்காக இழுத்து மென்மையாக்கினேன். இந்த ஒரு வேறுபாட்டைக் கொடுத்ததும்தான் கன்னம் கன்னமாக உருண்டது. அதுவரை முகத்தில் ஏதோ ஊதாக் காகிதம் ஒட்டியிருந்தது.

தாடைக்குக் கீழே வந்த அந்தக் கரித் திட்டுக்கு இன்னொரு காரணமும் இப்போது புரிந்தது. அப்போது நான் உருண்டை நிழலுக்கு ஒரு லேயர், விழும் நிழலுக்கு ஒரு லேயர் என்று இரண்டு Multiply லேயர்கள் வைத்திருந்தேன். கழுத்து இரண்டுக்கும் சொந்தம். இரண்டு தடவை பெருக்கினால் இருட்டு இரட்டிக்கும். நிஜத்தில் அப்படி நடக்காது. வெயில் படாத இடம் என்றால் படாத இடம்தான், இரண்டு காரணத்தால் படாமல் போனாலும் இருட்டு கூடாது. ஆகவே ஒரே லேயர், ஒரே நிறம். ஒன்றின் மேல் ஒன்று தடவினாலும் அதே ஊதாவைத் தாண்டாது. இதற்கு ஒரு விலக்கு, இரண்டு பொருள்கள் ஒட்டிக்கொள்ளும் இடுக்குகள். பூனையின் வயிறு சட்டையில் அழுந்தும் இடம், விரல்களின் நடுவே. அங்கே சிதறிய வெளிச்சமும் புகாது. அதற்கு மட்டும் இரண்டாவது Multiply லேயர், மெல்லிய ப்ரஷ்.

வெளிச்சம் கொடுப்பதில் எழுத அவ்வளவு இல்லை, ஏனென்றால் எவ்வளவு கம்மியாகக் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. அடியில் உள்ளதை வெளிச்சமாக்கும் Screen மோடில் ஒரு லேயர், இளமஞ்சள் `#fff0d0`, Opacity 35 சதவீதம். நிழல் லேயருக்கு Alpha to Selection கொடுத்து, Select > Invert செய்துகொண்டு வேலையைத் தொடங்கினால், நிழலுக்குள் தவறியும் வெளிச்சம் விழாது. முன்பு நான் மூக்கு, கன்னம், தோள், சட்டை, நாற்காலி என்று எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தீற்றல் வைத்திருந்தேன். பொம்மைக் கடையில் எடுத்த படம் போல இருந்தது. பருத்திச் சட்டை மினுங்காது, அங்கே ஒன்றுமே வைக்க வேண்டாம். வார்னிஷ் அடித்த நாற்காலிக் கையில் மெல்லிய கூர்மையான கோடு, மூக்கு நுனியில் சின்னதாக ஒன்று. எதுவும் நடுவில் இல்லை, ஜன்னல் இருக்கும் இடப்பக்கம் தள்ளி. கூந்தலில் மினுக்கம் முடி ஓடும் திசையில் ஓடாது. முடியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, தலை உருண்டையைச் சுற்றி ஒரு பட்டையாக வரும். குறுக்குப் பட்டையாகத் தடவி, அதன் இரு ஓரத்தையும் முடியின் திசையில் அழிப்பானால் கீறிவிட்டேன்.

கண்ணின் ஒளிப்பொட்டை மட்டும் கோட்டுக்கு மேலே தனி லேயரில் வைத்தேன். கீழே வைத்தால் இமைக் கோடு அதைத் தின்றுவிடும்.

கடைசியாக, கோடு இருக்கும் இடத்தைத் தாண்டி நிறம் படாதபடி கோட்டு லேயருக்கு Lock alpha போட்டு, தோலைச் சுற்றிய கோடுகளுக்கு அடர் சிவப்புப் பழுப்பும், பூனையைச் சுற்றிச் சாம்பலும் தடவினேன். வெள்ளையை நிஜமாக நீக்கிவைத்தது இதற்குத்தான். கறுப்புக் கோடு போனதும் முகத்தின் கடுமை குறைந்தது.

அவளிடம் காட்டினேன். "மாமா, சட்டை நீலமா இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். பழைய முறையில் என்றால் தலையில் கை வைத்திருப்பேன். சட்டை லேயருக்கு Lock alpha போட்டு நீலத்தை நிரப்பினேன், நிழல் தானாக அதன் மேல் உட்கார்ந்தது. அவள் கேட்டது கருநீலம். கூந்தலில் சொன்ன அதே கதைதான், மடிப்பு நிழல் மறைந்தே போயிற்று. இரண்டு படி வெளுப்பான நீலத்தில் சமாதானம் ஆனோம்.

அப்புறம் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பூனைக்கு மீசை எங்கே?" என்றாள்.

போட்டோவைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு மீசை முடிகள், எல்லாம் வெள்ளை, சட்டைக்கு முன்னால் பளிச்சென்று நீட்டிக்கொண்டிருக்கின்றன. அக்கம்பக்கத்தை விட வெளிச்சமானது எதுவோ அது அந்த வகுத்தலில் ஒன்றைத் தாண்டும், வெள்ளைத் தாளில் வெள்ளையாகக் கரைந்துவிடும். அதன் இரு ஓரத்திலும் வந்திருக்கக்கூடிய மெல்லிய சாம்பலையும் நானே Levels இழுத்துத் துடைத்திருக்கிறேன். ஒளிப்பொட்டு வைத்திருந்த அதே மேல் லேயரில், 3 பிக்சல் ப்ரஷ்ஷில், நுனி மெலியும்படி வெள்ளையாகப் பன்னிரண்டையும் இழுத்தேன். அவள் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.